எல்லாம் நான்தான் பார்த்துக்கிட்டேன்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள் மெர்ச்சன்டைசராக இருந்த பெண் ஒருத்தி, போன ஆண்டு தன் ரெஸ்யூமேயோடு என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் தெருவில் வளர்ந்தவள். நான் பல ஆண்டுகளாக நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன் என்பதால் அவளுடைய அம்மா அனுப்பியிருந்தார்.

அவள் கையில் இரண்டு ரெஸ்யூமே இருந்தன. முதலாவது அவளே எழுதியது. வேலை பற்றிய பகுதியில் பதினோரு வரிகள். அவற்றில் ஆறு ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ என்று தொடங்கின, மீதி ஐந்து ‘மேனேஜ்ட்’ என்று தொடங்கின. பையர்களோடு தொடர்புக்குப் பொறுப்பு, சாம்பிள் அனுப்புவதை மேனேஜ் செய்தேன், உற்பத்தி ஃபாலோ அப்புக்குப் பொறுப்பு, டெஸ்பாட்ச் மேனேஜ் செய்தேன், மூன்று பேர் டீமை மேனேஜ் செய்தேன் என்று போய்க்கொண்டே இருந்தது. இதை நாலைந்து இடத்துக்கு அனுப்பியும் யாரும் கூப்பிடவில்லை.

இரண்டாவது ரெஸ்யூமே, சித்தப்பா மகன் ‘சரிசெய்து’ கொடுத்தது. அதே பதினோரு வரிகள்தான். ஆனால் ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ இருந்த இடங்களில் ‘ஸ்பியர்ஹெடட்’, ‘ஆர்கெஸ்ட்ரேட்டட்’, ‘சாம்பியன்ட்’. ‘மேனேஜ்ட்’ இருந்த இடங்களில் ‘டிரோவ்’, ‘ஓவர்சா’, ‘ஸ்ட்ராட்டஜைஸ்டு’. இதைப் பார்த்து ஒரு நிறுவனம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அங்கே நடந்ததை அவள் சொன்னாள்.

“சாம்பிள் அப்ரூவலை ஸ்பியர்ஹெட் பண்ணினதா போட்டிருக்கீங்களே, நீங்க வர்றதுக்கு முன்னாடி அங்க எப்படி நடந்துச்சுன்னு கேட்டாங்க அக்கா. அப்பவும் இப்படித்தானுங்க நடந்துச்சுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவங்க என்னை வேற ஒண்ணுமே கேட்கலைங்க.”

உண்மையைத்தான் சொன்னாள். அவள் எழுதாத சொல் ஒன்று அவளை மாட்டிவிட்டது. ஸ்பியர்ஹெட் என்றால் ஈட்டியின் முனை. இல்லாத ஒன்றைத் தொடங்கி, மற்றவர்கள் பின்னால் வர முன்னே போனவருக்குத்தான் அந்தச் சொல். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேலையை ஏழு ஆண்டு ஒழுங்காகச் செய்தவருக்கு அது பொருந்தாது. ஆர்கெஸ்ட்ரேட்டட் என்பதற்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. மறைவில் இருந்து ஒரு காரியத்தை நடத்தி வைத்ததைச் சொல்லவும் ஆங்கிலச் செய்தித்தாள்கள் அதையே எழுதும். ஓவர்சா என்று போட்டால், உங்களுக்குக் கீழே எத்தனை அடுக்கு ஆட்கள் இருந்தார்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

இந்த இரண்டு ரெஸ்யூமேக்களிலும் குறை ஒன்றேதான். அவள் என்ன செய்தாள் என்பது இரண்டிலுமே இல்லை. முதலாவது மங்கலாகச் சொன்னது, இரண்டாவது அதே மங்கலைப் பெரிய குரலில் சொன்னது. ஆகவே ‘மேனேஜ்ட்’ என்ற சொல்லுக்கு மாற்றுச்சொல் தேடி அகராதியைத் திறப்பதற்கு முன்னால், அந்தச் சொல் எதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? வேலையில் சேரும்போது கொடுக்கும் வேலை விவரத் தாளில் இருந்து. அது நிறுவனம் உங்களிடம் எதிர்பார்த்ததைச் சொல்லும் தாள். நீங்கள் முதல் நாள் உள்ளே நுழைவதற்கு முன்பே எழுதப்பட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக வேலை செய்தவரும் அதே வரியை எழுதலாம், தூங்கி வழிந்தவரும் எழுதலாம். படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ‘மேனேஜ்ட்’ கொஞ்சம் வேறு மாதிரி. நம் பேச்சில் அது இன்னும் தளர்ந்துவிட்டது. திடீரென்று நாலு விருந்தாளி வந்து, வீட்டில் அரை லிட்டர் பால்தான் இருந்தால், ‘எப்படியோ மேனேஜ் பண்ணிட்டேன்’ என்கிறோம். அலுவலக ஆங்கிலத்தில் அதற்கு இறுக்கமான பொருள் உண்டு. ஒருவரை மேனேஜ் செய்தேன் என்றால் அவருக்கு வேலை பிரித்துக் கொடுப்பது மட்டும் போதாது; விடுப்புக்குக் கையெழுத்துப் போடுவது, ஆண்டு அப்ரைசல் எழுதுவது, ஆள் எடுக்கும்போது கருத்துச் சொல்வது எல்லாம் உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். பட்ஜெட்டை மேனேஜ் செய்தேன் என்றால், ஒரு எல்லைவரை செலவுக்கு ஒப்புதல் தரும் உரிமை இருந்தது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

அவளிடம் ரெஸ்யூமேயை மூடி வைக்கச் சொன்னேன். “ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. காலையில நாற்காலியில உட்கார்ந்ததுல இருந்து என்னென்ன செஞ்சே?”

“எல்லாம் நான்தானுங்க பார்த்துக்கிட்டேன்” என்றாள்.

இந்த ‘பார்த்துக்கிட்டேன்’தான் ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘மேனேஜ்ட்’ ஆகிறது. ‘ஹேண்டில்டு’, ‘லுக்ட் ஆஃப்டர்’, ‘டேக்கிங் கேர் ஆஃப்’ எல்லாமே இதன் வேறு வேறு சட்டைகள். எனவே அந்தச் சொல்லைத் தமிழிலேயே பிரித்துவிட வேண்டும். பார்த்துக்கிட்டேன் என்றால் எதைப் பார்த்தாய், பார்த்து என்ன செய்தாய்?

கலர் அப்ரூவலில் இருந்து தொடங்கினோம். ஒரு பையர் டி-ஷர்ட்டுக்கு ஒரு நிறம் கேட்டால், டையிங் யூனிட் முதலில் சின்னத் துணித் துண்டில் அந்த நிறத்தை ஏற்றி மூன்று விதமாக அனுப்பும். லேப் டிப் என்பார்கள். அது பையருக்குக் கூரியரில் போய் ஒப்புதல் வர வேண்டும். இதைத்தான் அவள் ‘ரெஸ்பான்சிபிள் ஃபார் லேப் டிப் அப்ரூவல்’ என்று எழுதியிருந்தாள்.

“வர்றதை அப்படியே அனுப்பிடுவியா?”

“இல்லைங்க அக்கா. லைட் பாக்ஸ்ல வெச்சுப் பார்ப்பேன். பகல் வெளிச்சத்துல ஒத்துப்போற ஷேடு, கடையில போடுற லைட்டுல வேற மாதிரி தெரியும். அது பையருக்குப் போனா கண்டிப்பா ரிஜெக்ட்தான். அதனால நானே டையிங்குக்குத் திருப்பி அனுப்பிடுவேனுங்க.”

“மேலே யாரையும் கேட்காமலா?”

“கேட்க மாட்டேனுங்க. அது என் முடிவுதான்.”

இதற்கு ஆங்கிலத்தில் ஒழுங்கான சொல் இருக்கிறது: ‘ஸ்க்ரீன்ட்’. சலித்துப் பார்த்து, தேறாததை நிறுத்தியவர். ‘பகல் வெளிச்சத்திலும் கடை வெளிச்சத்திலும் லேப் டிப்களை ஸ்க்ரீன் செய்து, ஒத்துப்போகாதவற்றைப் பையருக்கு அனுப்பும் முன்பே நிராகரித்தேன்’ என்று வரி மாறியது. ‘பொறுப்பு’ என்ற சொல் அதில் இல்லை. ஆனால் பொறுப்பு எவ்வளவு இருந்தது என்பது தெரிகிறது. தவறான ஷேடு ஒரு முறை போய்வந்தால் கூரியரிலேயே நாட்கள் கரையும் என்று அந்தத் துறையில் இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது உற்பத்தி ஃபாலோ அப். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் நூல் வாங்குவதில் இருந்து பெட்டி கட்டுவது வரை எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று ஒரு அட்டவணை போடுவார்கள். டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர். அதை அவளே தயாரிப்பாள், தினமும் நிரப்புவாள், தேதி தவறும் ஸ்டைலைப் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் சொல்வாள். எந்த லைனில் எதை முதலில் தைப்பது என்ற முடிவு அவருடையது. ஆகவே இங்கே ‘மேனேஜ்ட் புரொடக்‌ஷன்’ என்று எழுதினால் அது பொய். ‘பில்ட்’, ‘ட்ராக்ட்’, ‘ஃபிளாக்ட்’ என்ற மூன்று சின்னச் சொற்கள் போதும். அட்டவணையைக் கட்டினேன், ஒரு சீசனுக்குச் சுமார் நாற்பது ஸ்டைல்களைத் தொடர்ந்து கண்காணித்தேன், தாமதத்தை முன்கூட்டியே சுட்டிக்காட்டினேன். மூன்றுமே அவள் செய்தவை. மூன்றுமே மேனேஜரின் வேலையைத் திருடாதவை.

டெஸ்பாட்ச்சில் அதிகம் நிற்கவில்லை. பேக்கிங் லிஸ்ட்டும் இன்வாய்ஸும் தயாரித்தாள், ஃபார்வர்டரிடம் இடம் புக் செய்தாள், தூத்துக்குடிக்குப் போகும் லாரியின் நேரத்தை ஒத்திசைத்தாள். ‘பிரிப்பேர்ட்’, ‘புக்ட்’, அவ்வளவுதான். எளிய சொற்கள். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது, இவ்வளவு சின்னதாகவா என்று. ஆனால் ஏற்றுமதியில் காகிதம் தப்பினால் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும். ஆள் தேடுகிறவருக்கு ‘டெஸ்பாட்ச் மேனேஜ் செய்தேன்’ என்பதைவிட, இந்தந்தக் காகிதங்களை இவளே தயாரித்தாள் என்பதுதான் பயன்படும் செய்தி.

பிறகு ‘பையர்களோடு தொடர்பு’. இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று வெளியே வந்தது.

சித்தப்பா மகனின் ரெஸ்யூமேயில் ‘விலையை நெகோஷியேட் செய்தேன்’ என்று ஒரு வரி இருந்தது. கேட்டால், விலை பேசுவது முதலாளிதான். அவள் துணி, தையல் கூலி, பிரிண்ட், பேக்கிங் எல்லாம் கூட்டிக் காஸ்டிங் ஷீட் போட்டுக் கொடுப்பாள். ஆகவே நெகோஷியேட் என்பதை அடித்துவிட்டு, ‘விலைப் பேச்சுக்கான காஸ்டிங் ஷீட்டுகளைத் தயாரித்தேன்’ என்று எழுதினோம்.

அதன் பிறகு சும்மா கேட்டேன், எப்போதாவது ஷிப்மென்ட் தேதி தப்பியிருக்கிறதா என்று. ஒரு முறை டையிங் யூனிட்டில் மெஷின் பழுதாகி, இரண்டு ஸ்டைல்கள் ஒன்பது நாள் பின்தங்கிவிட்டன என்றாள். தேதிக்குள் போகாவிட்டால் விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். விமானத்துக்கு ஆகும் செலவு கப்பலைப்போல் பல மடங்கு; தாமதம் நம் பக்கம் என்றால் அதை ஏற்றுமதி செய்பவரே கட்ட வேண்டும்.

“அப்புறம் என்ன ஆச்சு?”

“நான் பையருக்கு மெயில் போட்டேனுங்க. மத்த ஸ்டைல் எல்லாம் சொன்ன தேதியில அனுப்பிடறோம், இந்த ரெண்டை மட்டும் பத்து நாள் கழிச்சுக் கப்பல்லயே அனுப்பிக்கலாமான்னு கேட்டேன். முதல்ல முடியாதுன்னாங்க. அவங்க கடையில எந்த ஸ்டைல் முதல்ல வெளியே வருதுன்னு கேட்டு, அதுல இந்த ரெண்டும் கடைசிங்கறதைக் காட்டினேன். சரின்னுட்டாங்க.”

“முதலாளி?”

“அவருக்கு சிசி போட்டிருந்தேனுங்க.”

இதுதான் நெகோஷியேஷன். எதிர்த்தரப்பு முடியாது என்றது, இவள் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்தாள், அவர்கள் மனம் மாறினார்கள். இவ்வளவு பெரிய காரியத்துக்கு இரண்டு ரெஸ்யூமேயிலும் ஒரு வரி கிடையாது. ‘அது சும்மா ஒரு மெயில் தானேங்க’ என்றாள். அதே ‘நெகோஷியேட்டட்’ என்ற சொல், பொய்யான இடத்தில் இருந்து எடுக்கப்பட்டு உண்மையான இடத்துக்கு வந்து உட்கார்ந்தது: தாமதமான இரண்டு ஸ்டைல்களுக்குப் பகுதி ஷிப்மென்ட்டை நெகோஷியேட் செய்து, விமானச் செலவைத் தவிர்த்தேன்.

பல ஆண்டுகளாக ரெஸ்யூமே படித்ததில் திரும்பத் திரும்பக் காண்பது இது. நம் பிள்ளைகள் வெறுமையான இடத்தில் பெரிய சொல்லைப் போட்டுவிட்டு, நிஜமாகச் சாதித்த இடத்தில் வாயே திறப்பதில்லை. தற்பெருமை கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு, தான் செய்ததைச் சொல்வதே தற்பெருமையாகத் தெரிகிறது. யாரோ கொடுத்த அலங்காரச் சொல்லை ஒட்டவைப்பது மட்டும் ஏனோ உறுத்துவதில்லை.

மூன்று பேர் டீம் பாக்கி இருந்தது. இரண்டு ஜூனியர் மெர்ச்சன்டைசர்கள், சாம்பிள் வேலைக்கு ஒரு பையன். அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்ததும் சரிபார்த்ததும் அவள். விடுப்பும் சம்பளமும் அப்ரைசலும் மேலே இருந்த சீனியரின் கையில். இந்த இடத்தில் ஆங்கிலச் சொற்களுக்கு இடையே இருக்கும் வித்தியாசம் உண்மையிலேயே உதவுகிறது. ‘கோஆர்டினேட்டட்’ என்றால், உங்களுக்குக் கீழே இல்லாத பலரை ஒரு வேலைக்காக ஒன்றுசேர்த்து ஓட்டினீர்கள். டையிங், பிரிண்டிங், தையல் யூனிட்டுகளோடு அவள் செய்தது அது. ‘சூப்பர்வைஸ்டு’ என்றால், அன்றாட வேலையை மேற்பார்வை பார்த்தீர்கள். அந்த மூன்று பேரோடு செய்தது அது. ‘லெட்’ என்றால், வழி காட்டினீர்கள். பதவி இல்லாமலும் ஒருவர் ஒரு குழுவுக்கு வழி காட்டலாம், ஆனால் எங்கே அழைத்துப் போனீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். ‘ட்ரெயின்ட்’ என்றால் கற்றுக்கொடுத்தீர்கள். ஜூனியர்களில் ஒருத்தி இப்போது தனியாக ஒரு பையரைக் கவனிக்கிறாள் என்று தெரிந்ததும், அதையும் வரியில் சேர்த்தோம். ‘மேனேஜ்ட்’ மட்டும் இங்கே பொருந்தாது, எடுத்துவிட்டோம்.

‘லெட்’ பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. இறந்தகாலத்தில் அதற்கு எல், இ, டி என்று மூன்றே எழுத்து. நடுவில் ‘ஏ’ சேர்த்து எழுதினால் அது நிகழ்காலச் சொல், இல்லாவிட்டால் ஈயம் என்ற உலோகம். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் பெரும்பாலும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள். மேனேஜர் என்று எழுதும்போது நடு ‘ஏ’ ஒன்றை விட்டுவிட்டால் மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி ஆகிவிடும். அதையும் அந்த மென்பொருள் தடுக்காது.

சொல் பெரிதாகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் எல்லோரிடமும் சொல்லும் வழி ஒன்றுதான். ஒவ்வொரு வினைச்சொல்லும் ஒரு கேள்வியைக் கூட்டிக்கொண்டு வரும். நெகோஷியேட்டட் என்று எழுதினால், அவர்கள் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன கொடுத்தீர்கள், எங்கே முடிந்தது என்று கேட்பார்கள். ட்ரெயின்ட் என்றால், யாருக்கு, எதை என்பார்கள். ரெட்யூஸ்டு என்றால், எவ்வளவில் இருந்து எவ்வளவுக்கு என்பார்கள். அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் மூன்று வாக்கியம் சொல்ல முடிந்தால் சொல் உங்களுடையது. தொண்டை அடைத்தால் ஒரு படி இறக்கிவிடுங்கள். ‘லெட்’ இறங்கி ‘கோஆர்டினேட்டட்’ ஆகட்டும், அதுவும் பெரிதென்றால் ‘சப்போர்ட்டட்’ ஆகட்டும். இன்னொன்றும் செய்து பார்க்கலாம். நீங்கள் ஒரு வாரம் விடுப்பில் போனபோது எந்த வேலை நின்றது, எதற்காகத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவளைக் கூப்பிட்டது லைட் பாக்ஸுக்காகத்தான்.

ஒரே சொல் திரும்ப வருவதற்குப் பயப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பொருத்தமான சொல் இரண்டு முறை வந்தால் தவறில்லை. ‘பிரிப்பேர்ட்’ அவள் ரெஸ்யூமேயில் இரண்டு இடத்தில் இருக்கிறது, அப்படியே விட்டோம். ஆறு முறை வந்தால்தான், அந்த வரிகளில் சில ஒரே வேலையைச் சொல்கின்றன என்று பொருள், சேர்த்துவிடலாம். மேலும், எல்லாத் தகவலுக்கும் வினைச்சொல் தேவையில்லை. பதவியின் பெயருக்குக் கீழே ஒரே வரி: ஐந்து ஐரோப்பிய பையர்கள், சீசனுக்குச் சுமார் நாற்பது ஸ்டைல்கள், மூன்று பேர் குழு. பொறுப்பின் அளவு அதிலேயே வந்துவிடுகிறது; ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ நாலைந்து தானாக உதிர்ந்துவிடுகின்றன. பதினோரு வரிகள் ஏழாகக் குறைந்தது இப்படித்தான்.

விளம்பரத்தில் ‘வெண்டர் மேனேஜ்மென்ட்’ தேவை என்று கேட்டிருந்தால், நீங்கள் அந்த வேலையைச் செய்தவரானால், அந்தச் சொல்லைத் திறன்கள் பகுதியில் அப்படியே போடுங்கள். வேலைவாய்ப்புத் தளங்களில் ஆள் தேடுகிறவர்கள் பதவியின் பெயரையும் திறனின் பெயரையும் தட்டித்தான் தேடுகிறார்கள். நான் தேடும்போது ஒரு நாளும் ‘ஸ்பியர்ஹெடட்’ என்று தட்டியதில்லை.

‘மேனேஜ்ட்’ என்ற சொல் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பொருந்தும் இடத்தில் அதைவிட நேர்மையான சொல் கிடையாது. புதிய ரெஸ்யூமேயை அனுப்பிய பிறகு அவளுக்குக் கரூரில் ஒரு வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் பாதி நேரம் அந்த இரண்டு ஸ்டைல் கதையைத்தான் கேட்டார்களாம். இப்போது அவளுக்குக் கீழே நாலு பேர். அவர்களுடைய விடுப்புக்கு அவள் கையெழுத்துப் போடுகிறாள், அப்ரைசல் அவளே எழுதுகிறாள். அடுத்த முறை ரெஸ்யூமே எழுதும்போது ‘நாலு பேரை மேனேஜ் செய்தேன்’ என்று அவள் தாராளமாக எழுதலாம்.